பகுதி 4: கண்டறிந்தவை (திருத்திய வடிவம்)

சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் வேலை செய்யும் தமிழ் ஊழியர்களின் சம்பளம் பற்றிய நம் கணக்கெடுப்பு அறிக்கையில், முன்பு சுற்றுக்கு விட்ட வரைவின் 4ஆம் பகுதிக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளவும். தாள் படிவங்களையும் கணினிப் பதிவையும் ஒத்துப் பார்த்த பிறகு எழுதியது. எண் மாறிய இடங்களில் பழைய எண்ணையும் சொல்லியிருக்கிறோம். பழைய வரைவு நன்கொடையாளர்கள் கையில் ஏற்கெனவே இருப்பதால், எது சரியென்று அவர்கள் குழம்பக்கூடாது. 30 பேருக்குக் குறைவான குழுக்களுக்கு விழுக்காடு தரவில்லை. ஆள் எண்ணிக்கை மட்டும் உண்டு.

4.1 யாரைக் கேட்டோம்

தொண்டூழியர்கள் கொண்டுவந்த படிவங்கள் 214. அவற்றில் 9, ஒரே ஆள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதில் சொன்னவை. இன்னொரு 6 பேர், ஒர்க் பெர்மிட் அல்லாமல் நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸ் வைத்திருப்பவர்கள். இந்த 15ஐயும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 199. பழைய வரைவு 214 என்ற எண்ணை வைத்தே கணக்குப் போட்டிருந்தது.

இந்த 199 பேரும் ஒர்க் பெர்மிட்டில் கட்டுமானத் துறையில் வேலை செய்யும் தமிழ் பேசும் ஆண்கள். 132 பேரை லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலைகளில் சந்தித்தோம், 67 பேரை இரண்டு தங்கும் விடுதிகளில். யாரையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவில்லை. நின்று பேச நேரமிருந்தவர்கள் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர், பேருந்துக் காசை மிச்சப்படுத்த விடுதியிலேயே இருப்பவர் பெரும்பாலும் இதில் விடுபட்டிருப்பார். சம்பளச் சிக்கல் அவர்களிடம் கூடுதலாக இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். அதனால் "சிங்கப்பூரில் உள்ள தமிழ் ஊழியர்கள்" என்று தொடங்கிய எல்லா வாக்கியங்களும் "பதில் சொன்னவர்கள்" என்று மாறியுள்ளன. படிக்கச் சற்று வறட்சியாகத்தான் இருக்கும்.

4.2 சம்பளச் சீட்டு

மாதாமாதம் சம்பளச் சீட்டு கிடைக்கிறதா என்ற கேள்விக்கு 191 பேர் பதில் சொன்னார்கள். 8 படிவங்களில் அந்த இடம் காலி. ஒவ்வொரு மாதமும் கிடைக்கிறது என்றவர்கள் 118 பேர் (62%). சில மாதங்களில் மட்டும் என்றவர்கள் 41 பேர் (21%). கிடைப்பதே இல்லை என்றவர்கள் 32 பேர் (17%).

"ஏறக்குறைய 40 விழுக்காட்டு ஊழியர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடைப்பதில்லை" என்றது பழைய வரைவு. அது கடைசி இரண்டு குழுக்களையும் சேர்த்த கணக்கு (73 பேர், 38%). சில மாதம் கிடைப்பதும் கிடைக்காமலே இருப்பதும் ஒன்றல்ல, ஆகவே பிரித்துவிட்டோம்.

அடுத்து வந்த வாக்கியம் இதைவிடப் பெரிய சிக்கல்: "முதலாளிகள் சட்டத்தை மீறுவது இதன்மூலம் நிரூபணமாகிறது." விவரமான சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் 1 முதல் வேலை நியமனச் சட்டப்படி கட்டாயம் என்பது சரி. ஆனால் அதைத் தாளாகவும் தரலாம், மின்வடிவிலும் தரலாம். நம் கேள்வியில் "சீட்டு" என்று மட்டுமே இருந்தது, கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இல்லை" என்ற 32 பேரில் தொடர்பு எண் கொடுத்திருந்த 14 பேரை அழைத்துக் கேட்டோம். அதில் 5 பேர், "கம்பெனி ஆப்புல வருது, நீங்க பேப்பரைக் கேட்டீங்கன்னு நெனச்சேன்" என்கிற மாதிரி பதில் சொன்னார்கள். மற்ற 18 பேரிலும் இதே விகிதம் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது. எண் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் வேறு வேறு மாதிரியான ஆட்களாக இருக்கலாம். ஆகவே 17% என்பது, சம்பளச் சீட்டு கிடைக்கவில்லை என்று அன்று சொன்னவர்களின் அளவு. சட்டமீறலின் அளவாக அதை எங்கும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

4.3 ஓ.டி. கணக்கு

மாதிரிச் சம்பளச் சீட்டைக் காட்டிச் செய்த சோதனை விடுதிகளில் மட்டுமே நடந்தது. 67 பேரில் 61 பேர் கலந்துகொண்டார்கள். ஓ.டி. மணிநேரம் எந்த வரியில் இருக்கிறது என்று 38 பேர் (62%) சரியாகக் காட்டினார்கள். ஒரு மணிநேர ஓ.டி. சம்பளத்தைச் சரியாகச் சொன்னவர்கள் 17 பேர் (28%).

"85 விழுக்காட்டினருக்கு ஓ.டி. கணக்கு தெரியாது" என்று பழைய வரைவில் இருந்தது விடைத்தாளால் வந்த வினை. மாதிரிச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. பழைய விடைத்தாள் அதை 26 நாளாலும் 8 மணிநேரத்தாலும் வகுத்து, ஒன்றரையால் பெருக்கி, ஒரு மணிநேர ஓ.டி. 5.77 வெள்ளி என்றது. மனிதவள அமைச்சு சொல்லும் முறை, 12 மாதச் சம்பளத்தை 52 வாரத்தாலும் வாரத்துக்கு 44 மணிநேரத்தாலும் வகுத்து ஒன்றரையால் பெருக்குவது:

```
(12 × 800) ÷ (52 × 44) = 4.20
4.20 × 1.5 ≈ 6.29  (சுருக்காத எண்ணை வைத்து)
```

சரியாகச் சொன்ன 17 பேருக்குத் தவறு என்றும், 26 நாள் முறையில் போட்ட 9 பேருக்குச் சரி என்றும் மதிப்பெண் போயிருக்கிறது. எல்லாத் தாள்களையும் மறுபடி திருத்தினோம். தவறிய 44 பேரில் அந்த 9 பேர் போக, 21 பேர் ஒன்றரை மடங்கால் பெருக்கவில்லை, 14 பேர் எழுதவே இல்லை. ஊழியர்களுக்கு நாம் நடத்தப்போகும் வகுப்புகளின் பாடத்திட்டம் தயாரிப்பவர்களுக்கு 28%ஐவிட இந்தப் பிரிவுதான் உதவும்: 21 பேருக்கு வேண்டியது ஒரே ஒரு படி.

இந்த எண் இரண்டு விடுதிகளின் 61 பேருக்கு உரியது. 199 பேருக்கும் நீட்ட வேண்டாம்.

4.4 முகவர் கட்டணம்

சிங்கப்பூர் வருவதற்கு முன் முகவருக்குக் கொடுத்த தொகையை 163 பேர் சொன்னார்கள். நடு மதிப்பு 2.2 லட்சம் ரூபாய். பாதிப் பேர் சொன்னவை 1.5 முதல் 3.2 லட்சத்துக்குள். பழைய வரைவு சராசரியாக 2.86 லட்சம் என்றது. இரண்டு படிவங்களில் பூஜ்யம் ஒன்று கூடியிருந்தது (தாளில் 2.2, 2.5 லட்சம், கணினியில் 22, 25 லட்சம்). அதைத் திருத்தினால் சராசரி 2.60 லட்சம். சில பெரிய தொகைகள் சராசரியை மேலே இழுப்பதால் அறிக்கையில் நடு மதிப்பையே பயன்படுத்துகிறோம். இவை நினைவிலிருந்து சொன்ன தொகைகள், ரசீது யாரிடமும் பார்க்கவில்லை.

4.5 சம்பளப் பிரச்சினை வந்தபோது

கடந்த 12 மாதங்களில் சம்பளம் தொடர்பாகப் பிரச்சினை இருந்தது என்றவர்கள் 196 பேரில் 58 பேர் (30%). அவர்களில் அறைத்தோழர்களிடம் சொன்னவர்கள் 27, மேற்பார்வையாளரிடமோ நிறுவனத்திடமோ சொன்னவர்கள் 19, மனிதவள அமைச்சையோ தொண்டு அமைப்பையோ நாடியவர்கள் 6, யாரிடமும் சொல்லாதவர்கள் 21. ஒருவரே பல இடங்களில் சொல்லியிருக்கலாம் என்பதால் கூட்டுத்தொகை 58ஐத் தாண்டும்.

"கடன்தான் ஊழியர்களின் வாயை அடைக்கிறது" என்ற வாக்கியத்தை நீக்கியிருக்கிறோம். கடன் மீதமிருந்த 36 பேரில் 15 பேரும், கடன் இல்லாத 22 பேரில் 6 பேரும் யாரிடமும் சொல்லவில்லை. பார்க்க வித்தியாசம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் கடன் இல்லாதவர்களில் இன்னும் 3 பேர் யாரிடமும் சொல்லவில்லை என்றிருந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கடன் உள்ளவர்கள் புதிதாக வந்தவர்களாகவும் இருக்கலாம். யாரிடம் போவது என்றே தெரியாததுகூடக் காரணமாக இருக்கலாம். எத்தனை ஆண்டு அனுபவம் என்று நாம் கேட்கவே இல்லை. தவிர, விடுதியில் சில நேர்காணல்களின்போது விடுதிப் பணியாளர்கள் பக்கத்தில் இருந்தார்கள். 58 என்ற எண்ணே குறைவாக வந்திருக்க வாய்ப்புண்டு.

4.6 திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் தொடக்க அளவுகள்

ஓ.டி. கணக்குக்கு 28% (61 பேரில் 17), ஓ.டி. வரியைக் காட்டுவதற்கு 62% (61 பேரில் 38). சம்பளச் சீட்டு பெறுவதைத் தொடக்க அளவாக வைக்கவில்லை, கேள்வியை மாற்றப்போவதால் ஒப்பிட முடியாது. இறுதிக் கணக்கெடுப்பில் அதே இரண்டு விடுதிகள், அதே மாதிரிச் சீட்டு, திருத்திய விடைத்தாள். வகுப்புக்கு வராத ஒப்பீட்டுக் குழு நம்மிடம் இல்லை. அப்போது எண் கூடினால், "வகுப்புக்குப் பிறகு கூடியிருக்கிறது" என்று எழுதலாம்; "வகுப்பால் கூடியது" என்று எழுத இந்த ஏற்பாடு போதாது.