நோக்க அறிக்கை: எம்.எஸ்சி. தரவு அறிவியல், முழுநேரப் படிப்பு

தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 2019 முதல் வேலை பார்க்கிறேன். இப்போது தரவு அறிவியலில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். இந்தத் துறை மாற்றத்துக்கு என்ன காரணம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். சம்பளம் ஒரு காரணமா என்றால், ஆமாம், ஒரு காரணம்தான். என் வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேர் கல்லூரி முடித்த கையோடு மென்பொருள் நிறுவனங்களுக்குப் போனார்கள். எங்கள் சம்பளச் சீட்டுகள் ஒரே மாதிரி இல்லை. ஆனால் பணம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நானும் அன்றைக்கே போயிருப்பேன். தொழிற்சாலைத் தளத்தில் நின்றுகொண்டு என்னால் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

நாங்கள் செய்யும் பாகங்களில் ஒன்று, 6205 பேரிங் உட்காரும் வார்ப்பிரும்பு ஹவுசிங். அந்த பேரிங்கின் வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர். ஹவுசிங் துளைக்கு எச்7 அளவுவரம்பு, அதாவது 52.000 முதல் 52.030 வரை. மொத்தம் 30 மைக்ரான்தான் இடம். துளை பெரிதாகிவிட்டால் பீஸ் ஸ்கிராப். சிறிதாக இருந்தால் ரீவொர்க் செய்து காப்பாற்றலாம். வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் இந்தத் துளையின் சிபிகே, அதாவது அளவுகள் வரம்புக்குள் எவ்வளவு நன்றாக அடங்குகின்றன என்று காட்டும் எண், எப்போதும் 1.33க்கு மேலேயே இருந்தது. காகிதத்தில் எல்லாம் சுகம். ஆனால் மாதக் கடைசியில் கழிவு 4 சதவீதத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தது. இந்த இரண்டு எண்களும் ஒரே இயந்திரத்தில் இருந்துதான் வருகின்றன என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

ஆபரேட்டர்கள் துளையை அளக்கும் போர் கேஜில் பார்த்துக் கையால் எழுதும் ரெஜிஸ்டர்களை வாங்கி, மாலை நேரங்களில் எக்செலில் ஏற்றினேன். சுமார் 14,000 வரிகள். அவற்றை ஒரு ஹிஸ்டோகிராமாகப் போட்டுப் பார்த்தபோது முதல் விஷயம் கண்ணில் பட்டது: 52.029, 52.030 என்ற எண்கள் குவிந்து கிடந்தன, 52.031, 52.032 ஏறக்குறைய இல்லவே இல்லை. எந்த சிஎன்சி இயந்திரமும் அப்படி வரம்பு பார்த்து வெட்டாது. இதற்கு ஆபரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பீஸை ஸ்கிராப் என்று எழுதினால் அவர்தான் சூப்பர்வைசரிடம் பதில் சொல்ல வேண்டும். ஒரு மைக்ரானைக் குறைத்து எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு எண்ணைப் பார்க்கும்போது அதை யார், எந்த நிலைமையில் எழுதினார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

அப்புறம் சிபிகே. அந்த ஆய்வுக்கு எடுக்கப்பட்ட 50 பீஸ்களும் பகல் ஷிப்டில், வெட்டும் முனையான இன்செர்ட்டைப் புதிதாகப் போட்டு, செட்டிங் சரிபார்த்த பிறகு வெளிவந்தவை. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எடுத்த மாதிரிதான் நடப்பதைக் காட்டவில்லை. ரெஜிஸ்டரில் இருந்த நேரத்தையும் இன்செர்ட் மாற்றிய குறிப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, கழிவான பீஸ்கள் பெரும்பாலும் இன்செர்ட் மாற்றியதை ஒட்டி வந்திருந்தது தெரிந்தது. இன்செர்ட் தேயத் தேயத் துளை சிறிதாகும். அதை ஈடுகட்ட ஆபரேட்டர் இயந்திரத்தில் கொடுக்கும் திருத்த அளவான ஆஃப்செட்டைக் கூட்டிக்கொண்டே போவார். புது இன்செர்ட் போட்ட பிறகும் பழைய ஆஃப்செட் அப்படியே இருந்தால் அடுத்த சில பீஸ்கள் பெரிதாகிவிடும். இதோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இயந்திரத்திலிருந்து இறக்கிய பீஸ் கேஜைச் சரிபார்க்கும் மாஸ்டர் ரிங்கைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், 52 மில்லிமீட்டர் துளை ஏறத்தாழ 5 மைக்ரான் பெரிதாகக் காட்டும். 30 மைக்ரான் வரம்பில் 5 மைக்ரான் சின்ன விஷயமில்லை.

மூன்று மாற்றங்களைப் பரிந்துரைத்தேன்: குறிப்பிட்ட எண்ணிக்கை முடிந்ததும் இன்செர்ட்டை மாற்றிவிடுவது, மாற்றியதும் ஆஃப்செட்டைத் திரும்ப அமைப்பது, முதல் பீஸை ஆறவிட்டு அளப்பது. மேலாளர் ஒப்புக்கொண்டார். மூன்று மாதத்தில் கழிவு 4.1 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதத்துக்கு இறங்கியது. நிறுவனத்தில் பாராட்டினார்கள். என் சுயவிவரக் குறிப்பிலும் இந்த எண் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்த எண்ணில் எவ்வளவு என்னுடையது என்பது எனக்குத் தெரியாது. நான் சொன்ன மாற்றங்கள் நடைமுறைக்கு வந்த அதே மாதத்தில் கொள்முதல் பிரிவு வேறு கிரேடு இன்செர்ட் வாங்க ஆரம்பித்தது. கோடை முடிந்து தொழிற்சாலைத் தளமும் குளிர்ந்தது. இந்த மூன்றில் எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ரெக்ரெஷன் போட்டுப் பார்த்தேன். எந்த மாறியைச் சேர்க்கிறேன், எதை விடுகிறேன் என்பதைப் பொறுத்து விடை மாறியது. இரண்டு இயந்திரங்களில் ஒன்றில் மட்டும் முதலில் மாற்றிப் பார்த்திருக்கலாம் என்று இப்போது சொல்ல முடிகிறது. அதை முன்கூட்டியே திட்டமிடவும், அப்படித் திட்டமிட முடியாத இடத்தில் இருக்கும் தரவைக் கொண்டே எவ்வளவு தூரம் நம்பிக்கையோடு பேசலாம் என்று அறியவும் முறையான படிப்பு வேண்டும். நான் தேடி வருவது அதைத்தான்.

சொந்தமாகப் படித்ததையும் சொல்லிவிடுகிறேன். என்.பி.டி.இ.எல். வழியாக ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்திய ‘டேட்டா சயின்ஸ் ஃபார் இன்ஜினியர்ஸ்’ படிப்பை முடித்துத் தேர்வும் எழுதினேன். பைதானில் பாண்டாஸ், சைக்கிட்-லேர்ன் இரண்டையும் வேலைக்கு வேண்டிய அளவு கையாளுவேன். எஸ்.க்யூ.எல். அடிப்படை தெரியும்.

பயிற்சிக்காகச் செய்தவற்றில் ஒன்று மட்டும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்திருக்கும் பேரிங் அதிர்வுத் தரவை எடுத்துக்கொண்டேன். அதிலும் நான் தினமும் பார்க்கும் 6205 வகை பேரிங்தான், 0.007, 0.014, 0.021 அங்குல விட்டத்தில் வேண்டுமென்றே பழுது உண்டாக்கி அதிர்வைப் பதிவு செய்திருக்கிறார்கள். வரிசைகளைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் சாதாரண ரேண்டம் ஃபாரஸ்ட் மாடலே 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. இணையத்தில் பலரும் காட்டும் எண் அதுதான். ஆனால் ஒரே பதிவின் துண்டுகள் இரண்டு பக்கமும் போய்விடுவதால் மாடல் பழுதைக் கற்றதா, அந்தப் பதிவையே அடையாளம் வைத்துக்கொண்டதா என்று தெரியாது. `GroupKFold` கொண்டு, ஒரு பழுது அளவை முழுவதுமாகச் சோதனைக்கு ஒதுக்கி வைத்துப் பார்த்தபோது துல்லியம் 70ஐச் சுற்றி இறங்கியது. தொழிற்சாலையில் வரப்போகும் பழுது மாடல் முன்பு பார்த்த அளவிலேயே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே எனக்கு 70 என்ற எண்தான் முக்கியம்.

இங்கே என் பழைய படிப்பு கைகொடுத்தது. இந்த பேரிங்கின் வெளிவளையத்தில் பழுது இருந்தால், தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது சுமார் 3.585 முறை தட்டும். நிமிடத்துக்கு 1797 சுற்று என்றால் ஏறக்குறைய 107 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும் தேடி எடுத்து மாடலுக்குக் கொடுத்தபோது, கலைத்துப்போட்ட சோதனையில் பெரிய மாற்றம் இல்லை. ஒதுக்கி வைத்த சோதனையில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆறாம் செமஸ்டரில் அதிர்வியல் பாடத்தில் உட்கார்ந்த நேரம் வீண்போகவில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. இயந்திரப் பொறியியலை விட்டு ஓடி வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

குறைகளும் உண்டு. இளநிலையில் என் மதிப்பெண் சராசரி 7.2, புள்ளியியலும் எண்முறைகளும் சேர்ந்த தாளில் நல்ல மதிப்பெண்தான், ஆனால் அது சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் திறமை. ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கத் தெரியும். முதன்மைக் கூறுப் பகுப்பாய்வில் அது ஏன் வருகிறது என்பதைப் போன வருடம்தான் புரிந்துகொண்டேன். நிகழ்தகவுக் கோட்பாட்டில் நிறுவல்களோடு எனக்குப் பழக்கம் இல்லை. தரவு அமைப்புகள், அல்காரிதம் இரண்டையும் முறையாகப் படித்ததில்லை. கணினி அறிவியல் முடித்து வரும் மாணவர்களோடு முதல் செமஸ்டரில் ஓடுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதனால் கடந்த சில மாதங்களாக லீனியர் அல்ஜீப்ராவை முதலிலிருந்து கணக்குப் போட்டுப் படித்துவருகிறேன்.

இணைய வழியிலேயே தொடரக்கூடாதா என்று கேட்கலாம். கருவிகளை அப்படிக் கற்றுக்கொள்ளலாம், கற்றும் இருக்கிறேன். ஆனால் என் முடிவில் ஓட்டை இருந்தால் அதைப் பிடித்துக் கேட்க ஆள் இல்லை. தங்கள் பாடத்திட்டத்தில் பரிசோதனை வடிவமைப்பும் பேய்சியன் புள்ளியியலும் விருப்பப் பாடமாக இல்லாமல் கட்டாயப் பாடமாக இருப்பதும், கடைசி செமஸ்டர் முழுவதும் ஒரு தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ செயல்திட்டம் செய்ய வேண்டும் என்பதும் நான் இங்கே விண்ணப்பிக்க முக்கியக் காரணங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலும் எழுதலாம் என்று இருந்தது இன்னொரு வசதி. இத்தனை வருடமும் ஆபரேட்டர்களிடமும் சூப்பர்வைசரிடமும் கட்டுப்பாட்டு வரைபடத்தைத் தமிழில்தான் விளக்கிவந்தேன்.

படித்து முடித்த பிறகு முதல் இரண்டு மூன்று வருடம் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துக் கல்விக் கடனை அடைப்பேன். அதன் பிறகு கோவை வட்டாரத்தின் சிறிய மெஷினிங் யூனிட்களோடும் ஃபவுண்டரிகளோடும் வேலை செய்ய ஆசை. அங்கே சென்சாரும் இருக்காது, சர்வரும் இருக்காது. கையால் எழுதிய ரெஜிஸ்டர்தான் இருக்கும். பத்து லட்சம் வரிகள் கேட்கும் முறைகளால் அவர்களுக்குப் பயனில்லை. குறைவான, அழுக்கான தரவிலிருந்து நம்பத்தகுந்த முடிவுக்கு வரும் முறைகள்தான் வேண்டும். என் இறுதி செமஸ்டர் செயல்திட்டத்தையும் அந்தத் திசையிலேயே அமைக்க விரும்புகிறேன்.

வேலையை விட ஒரு மாத முன்னறிவிப்பு போதும். ஜூலையில் வகுப்பு தொடங்கும்போது முழுநேர மாணவராக வந்துவிட முடியும். முதல் ஆண்டுக் கட்டணத்துக்குச் சேமிப்பு இருக்கிறது, இரண்டாம் ஆண்டுக்கு வங்கிக் கடன் கேட்கப் போகிறேன். தொழிற்சாலைத் தரவு நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பதால் அதை இணைக்கவில்லை. பேரிங் பயிற்சியின் நிரலும் முடிவுகளும் விண்ணப்பத்தோடு இருக்கின்றன. நேர்காணலில் எந்த வரியைப் பற்றிக் கேட்டாலும் விளக்கத் தயார்.