பொருள்: இரண்டாம் ஆண்டுப் புள்ளிவிபரவியல் விரிவுரைகளை வேறு நாட்களுக்கு மாற்றுதல்

புள்ளிவிபரவியல் துறை, கொழும்பு
13 ஒக்டோபர் 2025

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு,

புள்ளிவிபரவியல் அனுமானம் பாடநெறியை நடத்தும் சிரேஷ்ட விரிவுரையாளர் நேற்றிரவு திடீரெனச் சுகவீனமுற்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். அவர் தேறி வருகிறார் எனினும், வைத்தியர்கள் இரு வார ஓய்வை வலியுறுத்தியுள்ளதால், இம்மாதம் 14, 16, 21, 23 ஆம் திகதிகளுக்குரிய நான்கு விரிவுரைகளும் நடைபெறமாட்டா. நலம் விசாரிக்கும் உங்கள் எண்ணம் புரிகிறது. ஆயினும் அவரைத் தொலைபேசியில் அழைப்பதையும் நேரில் சென்று பார்ப்பதையும் தயவுசெய்து தவிர்த்துக்கொள்ளுங்கள்.

தவறும் எட்டு மணித்தியாலங்களை ஈடுசெய்ய இரண்டு ஏற்பாடுகளைப் பரிசீலித்துள்ளோம். முதலாவது, நவம்பர் 1, 8 ஆகிய சனிக்கிழமைகளில் காலை 8.30 முதல் இடைவேளையுடன் பிற்பகல் 1.00 மணி வரை நடத்துவது. இரண்டாவது, ஒக்டோபர் 28, 30, நவம்பர் 4, 6 ஆகிய நாட்களில் மாலை 4.15 முதல் 6.15 வரை நடத்துவது. மாலை வகுப்பு முடிந்ததும் பாணந்துறைக்கோ கம்பஹாவுக்கோ அலுவலக நேர நெரிசலில் ரயிலேற வேண்டியவர்கள் உங்களில் பலர் என்பதையும், நவம்பர் 5 போயா விடுமுறை என்பதால் முந்தைய மாலையே ஊருக்குப் புறப்படுவோர் இருப்பார்கள் என்பதையும் கருத்திற்கொண்டு, துறை சனிக்கிழமைகளையே விரும்புகிறது. ஆனால் வார இறுதியில் பகுதிநேர வேலைக்கோ வேறு கற்கைநெறிக்கோ செல்வோருக்கு இது இடைஞ்சலாகலாம் என்பதால், உங்கள் இணக்கமின்றி முடிவெடுக்க நாம் விரும்பவில்லை.

எனவே, வகுப்புப் பிரதிநிதிகள் இருவரும் அனைவரிடமும் கேட்டறிந்து, எந்த ஏற்பாடு எத்தனை பேருக்குப் பொருந்துகிறது என்பதை எதிர்வரும் 17 ஆம் திகதி வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன் இம்மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்ப வேண்டும். எவ்வகையிலும் கலந்துகொள்ள இயலாதவர்கள் தமது காரணத்தைத் தனியாக எழுதி அனுப்பலாம். 20 ஆம் திகதி தீபாவளி விடுமுறையாதலால், இறுதி நேர அட்டவணை 22 ஆம் திகதி துறை அறிவித்தற் பலகையிலும் மின்னஞ்சலிலும் வெளியிடப்படும்.

ஒலிப்பதிவையோ இணையவழி வகுப்பையோ ஏன் தெரிவுசெய்யவில்லை எனச் சிலர் கேட்டிருந்தீர்கள். எஞ்சியிருப்பது கருதுகோட் சோதனைப் பகுதி. ஒரு கணக்கைப் பலகையில் படிப்படியாகச் செய்துகாட்டி, எந்த இடத்தில் மாணவர் தடுமாறுகிறார் என்பதைப் பார்த்து மீண்டும் விளக்க வேண்டிய பகுதி அது. மாதிரிப் பரம்பலே இன்னும் தெளிவாகாத நிலையில் அதனைத் திரையில் கேட்டு விளங்கிக்கொள்வது கடினம் என்பது எமது அனுபவம்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சி வகுப்புகள் உதவி விரிவுரையாளரால் வழமைபோல் நடத்தப்படும். அவற்றுக்கான வரவு பதியப்படும். இரத்தாகும் விரிவுரைகள் உங்கள் வரவு வீதத்தைப் பாதிக்கமாட்டா. இம்மாதம் 24 ஆம் திகதி ஒப்படைக்கவிருந்த இரண்டாவது ஒப்படையை நவம்பர் 14 வரை சமர்ப்பிக்கலாம்.

துறைத் தலைவர்