மெர்ச்சண்டைசிங் மேனேஜர் வேலை: சம்பள விவரம் குறித்து

வணக்கம் மேடம்,

நேற்று சாயங்காலம் அழைத்துப் பேசியதற்கு நன்றி. அப்போது நான் டையிங் யூனிட்டில் நின்றுகொண்டிருந்தேன். மிஷின் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, அதனால்தான் மெயிலில் அனுப்புகிறேன் என்று சொன்னேன். நீங்கள் கொடுத்த படிவத்தை நிரப்பி இத்துடன் இணைத்திருக்கிறேன். "தற்போதைய சம்பளம்" என்ற கட்டத்தில் மட்டும் கோடு போட்டிருக்கிறேன். அது விட்டுப்போனதல்ல, தெரிந்தேதான் போட்டேன்.

இப்போது வாங்கும் தொகையை இந்தக் கட்டத்தில் சொல்ல விருப்பமில்லை மேடம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே சேரும்போது சம்பளத்தை வெளியே பேசமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். திருப்பூரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா, காலையில் டீக்கடையில் ஒரு தொகை சொன்னால் மதியத்துக்குள் நாலு கம்பெனிக்குப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. 2020 ஊரடங்கில் ஆர்டர்கள் நின்றபோது எங்கள் எல்லாருக்கும் சம்பளம் குறைந்தது. அந்தக் குறைந்த தொகையிலிருந்துதான் இன்று வரை படிப்படியாக ஏறியிருக்கிறது. பெட்ரோல் காசும் தீபாவளி போனஸும் மாதச் சம்பளச் சீட்டில் வருவதில்லை. ஆக, சீட்டில் இருக்கும் எண் என் வேலையையும் காட்டாது, நீங்கள் சொன்ன வேலைக்கு என்ன கொடுக்கலாம் என்பதையும் காட்டாது. முன்பு ஓர் இடத்தில் கேட்டவுடன் சொல்லிவிட்டேன். அதோடு 20 சதவீதம் சேர்த்துப் போட்டார்கள், அப்புறம் வேலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இந்த முறை வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிறேன்.

என் எதிர்பார்ப்பைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். மாதம் 70,000 ரூபாய். என் பங்கு பிஎஃப் பிடித்தம் போகக் கையில் சுமார் 68,000 வர வேண்டும். நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கையும் போனஸையும் இந்தத் தொகைக்குள் சேர்க்காமல் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நாலாயிரம் முன்னே பின்னே இருந்தால் பேசலாம். 65,000-க்குக் கீழே என்றால் எனக்குக் கட்டுப்படியாகாது. இப்போது வேலை பார்க்கும் இடம் வீட்டுக்குப் பக்கம். உங்கள் கம்பெனிக்கு அவினாசியிலிருந்து திருப்பூரைத் தாண்டிப் பல்லடம் ரோட்டுக்கு தினமும் போய் வரணும். அந்தச் செலவையும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொகைக்குக் காரணம் கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். 9 வருடமாக இதே வேலை. இப்போது இரண்டு ஐரோப்பிய பையர்களை நேரடியாகப் பார்க்கிறேன், எனக்குக் கீழே 4 பேர். காஸ்டிங், லேப் டிப் அப்ரூவல், பிபி சாம்பிள் முதல் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புவது வரை என் பொறுப்பு. போன சீசனில் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் வாஷ்கேர் லேபிளில் துணியின் கலவை தப்பாக அச்சாகி வந்திருந்தது. பேக்கிங் தொடங்குவதற்கு முந்தின இரவு பிடித்தோம். ராத்திரியோடு ராத்திரியாக லேபிளை மறுபடி அடித்து வாங்கி, மூன்று ஷிஃப்டில் பிரித்துத் தைத்தோம், கப்பலும் தவறவில்லை. தவறியிருந்தால் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும், லாபம் அங்கேயே போயிருக்கும். நீங்கள் சொன்ன வேலையில் 4 பையர்கள் என்றீர்கள், ஆகவே பொறுப்பு இரட்டிப்பு.

நிறுவனத்தில் இந்த வேலைக்கு என்று ஒரு சம்பள வரம்பு வைத்திருப்பார்கள். அதை நீங்கள் சொன்னால் எனக்கும் உதவியாக இருக்கும். நான் சொன்னது அதற்கு மேலே போகிறது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வருத்தமில்லை. இன்டர்வியூ வரை போய்த் திரும்பினால் இரண்டு பேருக்கும் நேரம்தான் வீண்.

சம்பளச் சீட்டு இல்லாமல் ஃபைலை நகர்த்த முடியாது என்று அவர்கள் சொன்னால், தொகை பேசி முடிந்து ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தபிறகு, சரிபார்ப்புக்காக கடைசி 3 மாதச் சீட்டுகளைத் தருகிறேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அதற்காக இப்போது வாய்க்கு வந்த ஒரு எண்ணைக் கூட்டிச் சொல்லவும் எனக்கு மனசில்லை.

நோட்டீஸ் 45 நாள். கையில் இருக்கும் ஷிப்மென்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன், அதைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். இந்த வாரம் வியாழன் வரை இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது. பகலில் போன் எடுக்க முடியாமல் போகலாம். இரவு 7.30-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
செந்தில்குமார்
அவினாசி