ஏற்றுமதி ஆவண வேலை: தம்பிக்கான தேவை–சான்று அட்டவணை

தம்பி, விளம்பரத்தையும் உன் ரெஸ்யூமையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். தம்புசெட்டித் தெருவில் இருக்கும் ஃபார்வர்டிங் அலுவலகம், ஏற்றுமதி ஆவணப் பிரிவு. கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை. இன்டர்வியூவில் கேட்டால் ஒரு தாளாகவோ நடந்த விஷயமாகவோ நீ எடுத்து வைக்கக்கூடியதை மட்டும்தான் சான்று என்று எழுதியிருக்கிறேன்.

| அவர்கள் கேட்பது | ரெஸ்யூமில் இப்போது | உன் கையில் உள்ள சான்று | நிலை |
|---|---|---|---|
| பட்டப்படிப்பு (கட்டாயம்) | பி.காம், 2022 | பட்டச் சான்றிதழ் | சரி |
| ஏற்றுமதித் துறையில் 1 முதல் 3 வருடம் (கட்டாயம்) | "லாஜிஸ்டிக்ஸில் நல்ல அறிவு" | மணலி சி.எஃப்.எஸ்.ஸில் டாலி கிளார்க், 14 மாதம். அனுபவக் கடிதம் | பாதி. துறை சரி, மேஜை வேறு |
| ஃபார்ம் 13 என்ற துறைமுக நுழைவுத் தாள், வி.ஜி.எம். என்ற பெட்டியின் மொத்த எடை தெரிந்திருக்க வேண்டும் | ஒன்றும் இல்லை | தினமும் வே பிரிட்ஜ் சீட்டு வாங்கி ஃபார்ம் 13-உடன் சரிபார்த்தது | இருக்கிறது, எழுதவில்லை |
| எக்செல், `VLOOKUP`, பிவட் | "எம்.எஸ். ஆபீஸ்" | நீயே செய்த சீல் எண் ஷீட், பிவட் செய்ததில்லை | பாதி, எழுதவில்லை |
| ஐஸ்கேட்டில் ஷிப்பிங் பில் தாக்கல் | "கஸ்டம்ஸ் நடைமுறை" | இல்லை. எல்.ஈ.ஓ. என்ற கஸ்டம்ஸ் ஏற்றுமதி அனுமதியின் நகலைப் பெட்டி எண்ணோடு ஒப்பிட்டது மட்டும் | உண்மையான இடைவெளி |
| எச்.எஸ். கோடு பழக்கம் (இருந்தால் நல்லது) | இல்லை | இல்லை | இடைவெளி, சிறியது |
| ஷிப்பிங் லைன்களுக்கு ஆங்கில மெயில் | "நல்ல தகவல் தொடர்பு" | பெட்டி சேதம் பற்றி நீ அனுப்பிய மெயில்கள் | இருக்கிறது, எழுதவில்லை |
| டூ வீலர், லைசென்ஸ் (கட்டாயம்) | "டூ வீலர் உண்டு" | எல்.எல்.ஆர். மட்டும் | உண்மையான இடைவெளி |

எட்டில் மூன்றில் உன்னிடம் இருப்பதைத்தான் ரெஸ்யூமில் காணோம். எனக்கு வருத்தம் அதில்தான். வெயிலில் நின்று செய்த வேலையை "நல்ல அறிவு" என்று ஒரு வரியில் மூடிவிட்டாய்.

சீல் எண் ஷீட்டையே எடுத்துக்கொள். ஸ்டஃபிங் டாலியில் ஒரு சீல் எண், லாரியோடு வந்த தாளில் கடைசி இலக்கம் வேறு. பெட்டி துறைமுக ஜீரோ கேட் வரிசைக்குப் போவதற்கு முன்னாலேயே உன் `VLOOKUP` ஷீட் சிவப்பில் காட்டியது என்று நீதான் சொன்னாய். ஆவண வேலை என்பதே இந்தக் கண்தான். ஆனால் அலுவலகத்தின் தாளையோ, வாடிக்கையாளர் பெயரையோ வெளியே எடுத்துப் போகாதே. அதே நெடுவரிசைகளோடு பொய் எண்களை இட்டு ஒரு மாதிரி ஷீட் செய்துகொள், காட்ட அது போதும். மெயில்களுக்கும் இதே பேச்சுதான்.

வி.ஜி.எம்.மில் இரண்டு வழியும் உனக்குத் தெரியும்: நிரப்பிய பெட்டியை அப்படியே எடை போடுவது, இல்லாவிட்டால் சரக்கு, பேக்கிங், சரக்கை அசையாமல் கட்டும் பொருள் எடையோடு காலிப் பெட்டியின் எடையைக் கூட்டுவது. கேட்டால் இப்படியே சொல். பேலட் எடையை விட்டுவிட்டால் கணக்கு தப்பும் என்பதையும் சேர்த்துச் சொல்.

இனி இடைவெளிகள். "கஸ்டம்ஸ் நடைமுறை" என்ற வரியை எடுத்துவிடு. "எந்த ஸ்கீமில் தாக்கல் செய்தீர்கள்?" என்று இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள். அதற்குப் பதில், தாக்கல் செய்ததில்லை, எல்.ஈ.ஓ. வந்த பிறகான வேலை முழுக்கத் தெரியும் என்று கவர் லெட்டரில் நேராக எழுதிவிடலாம். நான் இந்தத் தெருவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். தாக்கலைச் சொல்லிக் கொடுத்துவிடலாம், பெட்டியைக் கண்ணால் பார்த்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

எச்.எஸ். கோடு பயப்படும் விஷயம் இல்லை. நம் ஊரில் எட்டு இலக்கம், முதல் ஆறு உலகம் முழுக்க ஒன்று. நீ பார்த்த சரக்கிலிருந்தே தொடங்கு: 42 தோல் பொருள், 64 காலணி, 87 வண்டியும் பாகங்களும். ஆனால் இதை ரெஸ்யூமில் போடாதே, இன்னும் உன் வேலையில் வரவில்லை.

லைசென்ஸ் கட்டாயம் என்று போட்டிருக்கிறது. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட். உனக்கு வருகிற 19-ஆம் தேதியோடு ஆகிறது. அதனால் "எல்.எல்.ஆர். உள்ளது, டெஸ்டுக்கு 19-க்குப் பிறகு போகிறேன்" என்றே எழுது. மறைத்துப் போய் முதல் நாளே வண்டி எடுக்கச் சொன்னால் என்ன செய்வாய்?

ரெஸ்யூமில் மாற்ற வேண்டிய வரிகள்:

"மணலி சி.எஃப்.எஸ்.ஸில் 14 மாதம் ஏற்றுமதிப் பெட்டிகளின் ஸ்டஃபிங் டாலி: அட்டைப்பெட்டி எண்ணிக்கை, மார்க், சீல் எண் பதிவு."

"வே பிரிட்ஜ் சீட்டு, வி.ஜி.எம்., ஃபார்ம் 13 மூன்றையும் கேட்-இன்னுக்கு முன் சரிபார்த்தல்."

"சீல் எண் முரண்பாட்டைக் கண்டுபிடிக்க எக்செல்லில் `VLOOKUP` ஷீட் உருவாக்கிப் பயன்படுத்தியது."

"பெட்டி சேதம் பற்றி ஷிப்பிங் லைன்களுக்கு ஆங்கிலத்தில் மெயில்."

பிவட்டை மட்டும் புதன் இரவு உட்கார்ந்து பழகிவிடு, அந்த மாதிரி ஷீட்டிலேயே. வரவில்லை என்றால் எழுத வேண்டாம். மொத்தத்தில் போடலாம் தம்பி, லைசென்ஸ் ஒன்றில்தான் அவர்கள் மறுக்க வாய்ப்பு. வியாழக்கிழமை எட்டு மணிக்கு மேல் தண்டையார்பேட்டைக்கு வா. அச்செடுத்துக் கொண்டுவா, திரையில் பார்த்தால் எனக்குத் தப்பு தெரிவதில்லை.