சண்முகத்துக்கு ஒரு கடிதம்

ஏற்காடு,
23-3-2025

அன்புள்ள சண்முகம்,

நலம். வீட்டில் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே?

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பணப் பேச்சை எடுத்தாலே நீ "சரி விடுடா, மழை எப்படி?" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

முதலில் கணக்கு. டிசம்பர் 8ஆம் தேதி உன்னிடம் வாங்கியது 1,20,000 ரூபாய். ஜனவரி 12ல் 40,000, பிப்ரவரி 16ல் 30,000 அனுப்பினேன். மீதி 50,000 ரூபாயை நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, உன் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டேன். மூன்றும் ஒரே கணக்குக்குத்தான் வந்திருக்கும். பாஸ்புக்கில் ஒருமுறை பார்த்துவிட்டு "வந்தது" என்று ஒரு வார்த்தை அனுப்பு. உன்மேல் சந்தேகப்பட்டு இதைக் கேட்கவில்லை. என் நோட்டில் அந்தப் பக்கத்தை உன் வார்த்தையோடுதான் அடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

கணக்கு இவ்வளவுதான். மீதியைச் சொல்லத்தான் எனக்கு நான்கு மாதமாக வாய் வரவில்லை.

ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய அந்த வாரம் உனக்கு ஞாபகம் இருக்கும். மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. தோட்டத்தில் பழுத்த காப்பிப் பழம் பாதி தரையில், மீதி செடியிலேயே வெடித்துக்கொண்டிருந்தது. காயப்போடும் களத்தின் பக்கச் சுவரும் இடிந்துவிட்டது. முன்பணம் தருகிறேன் என்றிருந்த வியாபாரி அன்றைக்குப் பார்த்துக் கைவிரித்தார். கூடவே, இருக்கிற பழத்தைச் செடியோடு பாதி விலைக்குக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கூலி கொடுக்கக் கையில் காசில்லாமல் ஆளை எப்படித் தோட்டத்தில் இறக்குவது?

அன்று ராத்திரி உனக்குப் போன் பண்ணினேன். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாய். எப்போது தருவாய் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் அம்மாபேட்டையிலிருந்து அடிவாரம்வரை நீயே வண்டியில் வந்தாய். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேட்டிப் பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தாய். உள்ளே இரண்டு ஐந்நூறு ரூபாய்க் கட்டு. அதன் கீழே 20,000 ரூபாய், முழுக்க நூறும் இருநூறும். "கூலி கொடுக்கச் சில்லறை இல்லாமல் திண்டாடுவியே" என்றாய். சண்முகம், பணம் கொடுக்க இன்னும் ஒருவர் இரண்டு பேர் முன்வந்திருப்பார்கள். சில்லறையை நினைத்துப் பார்க்க உன்னால்தான் முடியும். மலை ஏறும்போது நான்காவது வளைவில் வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனேன்.

அடுத்த நாளே பதினாலு ஆள் இறங்கினார்கள். செடியில் நின்ற பழம் கைக்கு வந்தது. களத்துச் சுவரையும் பொங்கலுக்குள் எழுப்பிவிட்டேன். பழத்தைக் காயவைத்து நிதானமாக விற்றேன். இந்த வருஷம் காப்பிக்கு நல்ல விலை. கடைசித் தவணை மிளகு விற்ற காசு.

அது பட்டு நூல் வாங்க நீ எடுத்துவைத்திருந்த பணம் என்று மார்கழிக் கடைசியில்தான் தெரிந்தது. தங்கச்சி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே 40,000 அனுப்பினேன், அதற்கும் நீ "என்ன அவசரம்?" என்று திட்டினாய். தறி எத்தனை நாள் சும்மா நின்றதோ, நீ சொல்லவே மாட்டாய்.

இன்னொன்று. தை மாதக் கல்யாணத்தில் நாம் பார்த்தபோது எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கடன்பட்டவனுக்கு அப்படித்தான் இருக்கும். நீயோ எப்போதும்போல என் தோளில் கை போட்டுப் பந்திக்குக் கூட்டிப்போனாய். நம் கூட்டாளிகள் யாருக்கும் இன்றுவரை விஷயம் தெரியாது. என் மரியாதையை நீ காப்பாற்றிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் தவணை இல்லை.

வட்டி வாங்க மாட்டேன் என்றாய், சரி. வரும் ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் சேலம் வருகிறான். அவனிடம் இரண்டு கிலோ மிளகும், புதிதாக வறுத்து அரைத்த காப்பித்தூளும் கொடுத்தனுப்புகிறேன். தூளில் சிக்கரி கலக்கவில்லை, தங்கச்சியிடம் சொல்லிவிடு. இதை வட்டி என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் என் வீட்டுக்காரி உன்னோடு பேச மாட்டாள். மிளகைக் காயவைத்துப் புடைத்தது அவள்தான்.

உனக்கு ஒரு அவசரம் என்றால் எனக்குத்தான் முதல் போன் வர வேண்டும். ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

மச்சான் காலை பத்து மணிக்குள் உன் வீட்டில் இருப்பான். வெளியே போகிற வேலை இருந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்லு.

அன்புடன்,
பழனிவேல்