காரம் மாறும், அளவு ஸ்டிக்கர்ல இருக்கு

எங்க மிளகாத்தூள் பாக்கெட்ட திருப்பிப் பாத்தீங்கன்னா கையால எழுதுன ஒரு மஞ்ச ஸ்டிக்கர் இருக்கும். "இந்த மிளகா உக்கிரமா இருக்கு, ஒரு ஸ்பூன் போடற எடத்துல முக்கா ஸ்பூன் போடுங்க" அப்படின்னு ஏதாவது எழுதியிருப்போம். அடுத்த தடவ வாங்கறப்போ "இது சாது, தாராளமா போடுங்க"ன்னு இருக்கலாம். நெறைய பேரு இத ஏதோ அழகுக்கு ஒட்டிருக்காங்கன்னு படிக்காம கொழம்பு வெச்சிட்டு, ராத்திரி ஒம்போது மணிக்கு வாட்ஸ்அப்ல கண்ணுல தண்ணி ஊத்தற எமோஜியா அனுப்புறாங்க. தயவுசெஞ்சு படிச்சிடுங்க.

ஏன் இப்படின்னா நாங்க வாங்கறது ஒரே மிளகா, ராம்நாடு குண்டு மிளகா. எங்க அத்தை, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, பரமக்குடி பக்கம். அங்கெல்லாம் வானம் பாத்த பூமி, வடகிழக்குப் பருவமழைய நம்பி வெதச்சு தை மாசிக்கு மேல பழம் பறிக்க ஆரம்பிப்பாங்க. மழை கம்மியான வருஷம் மிளகா காரம் ஏறிடும்னு அத்தை சொல்லுவாங்க, தண்ணி நல்லா கெடச்ச வருஷம் கொஞ்சம் அடங்கியிருக்கும். முதல் பறிப்பு ஒரு மாதிரி, கடைசிப் பறிப்பு வேற மாதிரி. பெரிய கம்பெனிங்க நாலஞ்சு ஊரு மிளகாய கலந்து, காரத்துக்கு ஒண்ணு கலருக்கு பேடகி மாதிரி ஒண்ணுன்னு போட்டு, வருஷம் பூரா ஒரே காரம் ஒரே சிவப்பு வர்ற மாதிரி பண்ணிடுவாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, உண்மையில அது பெரிய கைவேலை. நம்மகிட்ட அத்தன ஊரு மிளகாயும் இல்ல, லேபும் இல்ல. ஒரு ஊரு மிளகா, ஒரு தடவ அரைக்கறது, அத்தை ரசம் வெச்சு ருசி பாக்கறது, ஸ்டிக்கர் எழுதறது. அவ்ளோதான் எங்க குவாலிட்டி கன்ட்ரோல் டிபார்ட்மென்ட்.

நூறு வருஷ பாரம்பரியம், கொள்ளுப்பாட்டி கைப்பக்குவம்னு போட எங்களுக்கும் ஆசைதான், மத்த பாக்கெட்லாம் பாக்கறப்போ பொறாமையா கூட இருக்கு. ஆனா நடந்தது இதுதான். அத்தை வருஷா வருஷம் சித்திரை வெயிலுக்கு வில்லிவாக்கம் அபார்ட்மென்ட் மொட்டமாடில மிளகா, மல்லி, மஞ்சள் எல்லாம் துணி விரிச்சு காய வெப்பாங்க. காக்கா வராம பாத்துக்க மாடிக்குப் போன பக்கத்து வீட்டு ஆன்ட்டிங்க "எங்களுக்கும் சேத்து அரைச்சிட்டு வந்துடுங்கம்மா"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் அவங்க பொண்ணு வேளச்சேரிலேர்ந்து கேட்டா, அதுக்கடுத்து அவ ஆபீஸ்ல கேட்டாங்க. காசு வாங்கலாமா வேணாமான்னு அத்தைக்கும் எனக்கும் ஒரு வாரம் சண்டை. அத்தை தோத்தாங்க. ரெசிபின்னு ஒண்ணு எழுதி வெச்சதும் கெடையாது, கேட்டா "மிளகா ஒரு பங்குன்னா மல்லி ரெண்டு பங்கு, மீதி கண்ணளவு"ம்பாங்க. அந்தக் கண்ணளவ தராசுல வெச்சு கிராம் கணக்கா எழுதுனதுதான் இந்த பிசினஸ்ல நான் பண்ண ஒரே உருப்படியான வேலை.

இப்ப ஆர்கானிக் விஷயம். இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா எங்க எல்லா பாக்கெட்லயும் அந்த வார்த்தை இருக்காது.

தனி மிளகாத்தூள், மஞ்சத்தூள் ரெண்டுலயும் இருக்கும், கூடவே அரசாங்கத்தோட ஆர்கானிக் லோகோவும் இருக்கும். மிளகா முதுகுளத்தூர் பக்கம் சேந்து விவசாயம் பண்ற ஒரு குழுகிட்டேர்ந்து வருது, மஞ்சள் சத்தியமங்கலம் பக்கத்துலேர்ந்து வருது, ரெண்டு பேருக்கும் தமிழ்நாடு விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையோட சர்டிஃபிகேட் இருக்கு. சர்டிஃபிகேட் வயலோட முடிஞ்சிடாது, அரைக்கற எடம் வரைக்கும் தொடர்ந்து வரணும். தெருமுனை மில்லுல நமக்கு முன்னாடி யாரோ கடை மிளகாய அரைச்சிருப்பாங்க, அந்த மிச்சம் மெஷின்ல ஒட்டிட்டுதான் இருக்கும், அது கலந்தா அப்புறம் என்ன ஆர்கானிக்? அதனாலதான் பாடி ஏரியால ஒரு சின்ன ஷெட் எடுத்து சொந்த மெஷின் போட்டோம். மில்லுக்கார அண்ணனுக்கு முதல்ல வருத்தம், அப்புறம் அவரே வந்து மெஷின் செட் பண்ணிக் குடுத்தாரு. ஜல்லடை எது போடணும், சூடு ஏறாம எவ்ளோ மெதுவா தள்ளணும்னு எல்லாம் அவரு சொல்லிக் குடுத்ததுதான். சூடு ஏறுனா வாசனை மெஷின்லயே போயிடும், பக்கத்து ஷெட்காரங்க தும்முவாங்க, உங்க கொழம்புல ஒண்ணும் இருக்காது.

கொழம்பு மிளகாத்தூள்ல ஆர்கானிக்னு போடல. நெறைய விக்கறதே அதுதான், அதுலயே போடலியேன்னு கேப்பீங்க. அதுல அதிகமா இருக்கறது மல்லி. மல்லி விளாத்திகுளம் பக்கம் கரிசக்காட்டுலேர்ந்து வருது. அந்த விவசாயி மருந்து, யூரியா எல்லாத்தையும் நிறுத்தி இப்ப ரெண்டாவது வருஷம் ஓடுது. மல்லி மாதிரி பயிருக்கு ரெண்டு வருஷம் மாற்றக் காலம்னு ரூல், அது முடிஞ்சாதான் ஆர்கானிக்னு சொல்லலாம். இந்த ரெண்டு வருஷம்தான் ஒரு விவசாயிக்கு ரொம்ப கஷ்டமான காலம், விளைச்சல் எறங்கும், அசுவினி வந்தா வேப்பங்கொட்டை கரைசல், இஞ்சி பூண்டு கரைசல்னு அலையணும், ஆனா சந்தைல சாதா மல்லி ரேட்டுதான் குடுப்பாங்க. அதனால நாங்க இப்பவே கொஞ்சம் கூட்டிக் குடுத்து வாங்கறோம். அவரு தாக்குப்பிடிச்சாதான் நாளைக்கு எங்க பாக்கெட்ல அந்த வார்த்தை வரும்.

மிளகு கொல்லிமலை. காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட கொடி, மருந்தே அடிக்கறதில்லன்னு தோட்டக்காரரு சொல்றாரு, நாங்களும் போய்ப் பாத்தோம், நம்பறோம். ஆனா சர்டிஃபிகேட் இல்ல. எங்க நம்பிக்கைய உங்ககிட்ட ஆர்கானிக்னு விக்க முடியாது இல்லியா, அதனால "கொல்லிமலை மிளகு"ன்னு மட்டும் போட்டிருக்கோம். சீரகம் குஜராத், அது நம்ம பக்கம் சரியா வராது, "பக்கத்து ஊரு விளைச்சல்"னு எங்கயாவது நாங்க எழுதியிருந்தா சீரகத்த அதுல சேக்காதீங்க. வெந்தயமும் வடக்கேர்ந்துதான்.

மஞ்சத்தூள் பாத்துட்டு "என்னங்க இவ்ளோ மங்கலா இருக்கு"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. மஞ்சக் கெழங்க வேக வெச்சு, காய வெச்சு, மேல்தோலு போக உருட்டி எடுத்தாலும் அரைச்சா பழுப்பு கலந்த மஞ்சதான் வரும். பளிச்னு கண்ணப் பறிக்கற கலருக்காக லெட் குரோமேட் சேக்கறது நம்ம நாட்டுலயும் பங்களாதேஷ்லயும் ஆய்வுகள்ல பிடிபட்டிருக்கு, ஈயம் கொழந்தைங்க மூளைக்கு எவ்ளோ கெடுதல்னு நான் சொல்லவேண்டியதில்ல. பளிச்னு இருக்கற எல்லா மஞ்சளும் கலப்படம்னு சொல்ல வரல, கெழங்கு வெரைட்டிய பொறுத்தும் கலர் மாறும். எங்களுது மங்கல், அவ்ளோதான். சாம்பாருக்கு கால் ஸ்பூன் போட்டுப் பாருங்க, கலர் அங்க வரும்.

வண்டு பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா யாரும் சொல்ல மாட்டாங்க. நாங்க எந்தப் புகையும் போடறதில்ல. 2024 ஏப்ரல்ல ஹாங்காங்லயும் சிங்கப்பூர்லயும் சில இந்திய மசாலாவ எத்திலீன் ஆக்சைடு இருக்குன்னு நிறுத்துனப்போ நெறைய பேரு பதறிப்போய் போன் பண்ணி கேட்டீங்க, அது மசாலால கிருமி கொல்ல போடற வாயு, எங்க ஷெட் பக்கமே வந்ததில்ல. ஆனா அதோட மறுபக்கம் என்னன்னா சென்னை ஈரக்காத்துக்கு மிளகாத்தூள்ல வண்டு வரலாம், குறிப்பா ஐப்பசி கார்த்திகைல. பாக்கெட் பிரிச்சதும் கண்ணாடி பாட்டில்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க, ஈர ஸ்பூன் போடாதீங்க. ஆறு மாசத்துக்கு மேல வெச்சுக்காதீங்க, சிவப்பு மங்கி வாசனையும் போயிடும். பிரிக்கறதுக்கு முன்னாடியே வண்டு இருந்தா போட்டோ அனுப்புங்க, வேற பாக்கெட் வரும், கேள்வி கேக்க மாட்டோம். ஃப்ரிட்ஜ்ல வெக்காம எட்டு மாசம் கழிச்சு அனுப்புனா அத்தை கேள்வி கேப்பாங்க, அத நான் தடுக்க முடியாது.

விலை கால் கிலோ மிளகாத்தூள் 190 ரூபா. கடைல இத விட கம்மியா கெடைக்கும், தெரியும். எங்க மிளகால காம்பு முழுசா கிள்ளிட்டுதான் அரைக்கறோம், அதுக்கு ஆளு வெச்சிருக்கோம், அவங்க நாள் பூரா மூக்குல துணி கட்டிட்டு உக்காந்து கிள்ளறாங்க. காம்போட அரைச்சா எடை நிக்கும், விலை எறங்கும், தூளும் கொஞ்சம் கரகரன்னு இருக்கும். தள்ளுபடி, ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ இதெல்லாம் பண்றதில்ல. நாலு பாக்கெட் சேத்து வாங்குனா டெலிவரி காசு இல்ல.

வெள்ளிக்கிழமை அரைக்கறோம், சனிக்கிழமை பூரா விரிச்சு ஆற விட்டு, ஞாயித்துக்கிழமை பேக்கிங், திங்கக்கிழமை கெளம்பும். அவசரம்னு புதன்கிழமை கேட்டா போன வாரத்துது மிச்சம் இருந்தா தருவோம், இல்லன்னா காத்திருக்கணும். அண்ணாநகர், வில்லிவாக்கம், பெரம்பூர் பக்கம்னா வீட்டுக்காரரே வண்டில கொண்டுவந்து குடுத்துடுவாரு, மத்த ஏரியாக்கு கூரியர்.

பெருங்காயம் ஏன் போடலன்னு அடிக்கடி கேக்கறீங்க. அந்தப் பிசின் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான் பக்கத்துலேர்ந்து வருது, இங்க அதுல மைதாவோ கோந்தோ கலந்துதான் கூட்டுப் பெருங்காயமா விக்கறாங்க, அப்படிக் கலக்கலன்னா நம்மால தாங்கவும் முடியாது. யாருகிட்டேர்ந்து வருது, என்ன கலந்திருக்குன்னு எங்களால கடைசி வரைக்கும் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியல. அதனால பெருங்காயம் நம்மகிட்ட இல்ல. எங்க வீட்டு ரசத்துக்கும் மளிகைக் கடை டப்பாதான், நீங்களும் வழக்கமா வாங்கறதயே வாங்கிக்கோங்க.