தீபாவளிக்குக் காரைக்குடிக் கைத்தறிச் சேலைகள்: கோலாலம்பூரில் முன்பதிவு

எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கண்டாங்கிச் சேலைகள் பிரிக்ஃபீல்ட்ஸ் வருகின்றன. போன அறிவிப்பில் துணி, விலை விவரம் தெளிவாக இல்லை என்று பலர் கேட்டீர்கள். இதோ முழு விவரம்.

கண்டாங்கி சுத்தப் பருத்தி. கனமாக இருக்கும், கட்டம் போட்டது, கரை அகலம். ஐந்தரை மீட்டர் நீளம், ரவிக்கைத் துணி தனி. விலை 140 முதல் 220 வெள்ளி வரை; கரை வேலை கூடினால் விலையும் கூடும். பட்டும் பருத்தியும் கலந்த சேலை 280 முதல் 420 வெள்ளி.

ஓரத்தைத் தடவிப் பாருங்கள், சின்னச் சின்ன ஊசித் துளைகள் தெரியும். தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் கோலின் தடம் அது, குறை இல்லை.

முதல் மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அடர் சிவப்பும் கறுப்பும் கொஞ்சம் சாயம் விடும். ஊற வைக்க வேண்டாம், நிழலில் காயப்போடுங்கள். லேசாகக் கஞ்சி போட்டால் மடிப்பு நிற்கும். ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் கஞ்சியோடு மாதக்கணக்கில் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அலசிய பிறகே அலமாரியில் வையுங்கள். பட்டுக் கலவைச் சேலையை டோபியிடம் உலர்சலவைக்குக் கொடுங்கள்.

வேண்டிய நிறம், எண்ணிக்கை, முகவரி மூன்றையும் இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கே அனுப்புங்கள். படம் அனுப்புவோம். பிடித்தால் பாதிப் பணம், சேலை கைக்கு வந்ததும் மீதி. நெய்து வர ஆறு வாரம் ஆகும், அதனால் ஆகஸ்டு 31க்குள் சொல்லிவிடுங்கள். நெசவில் பழுது இருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவோம்.